விடுபட்ட கேள்வி

மனிதவளப் பிரிவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரு காற்புள்ளி தப்பினாலும் எழுதியவரைக் கடித்துக் குதறிவிடுவார். ஊழியர் நலக் கொள்கையைக் கேள்வி-பதிலாக மாற்றும் வேலை அவர் தலையில் விழுந்ததில் யாருக்கும் வியப்பில்லை. ஊழியர்கள் ஃபோனில் கேட்கிற மாதிரியே கேள்வி, ஹெல்ப்டெஸ்க்கில் அப்படியே படித்துச் சொல்கிற மாதிரி பதில், கீழே விதி எண். மளமளவென்று எழுதி முடித்தார்.

அதைக் கொள்கையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஹெல்ப்டெஸ்க் பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"சார், கணவனோ மனைவியோ இறந்துட்டா மருத்துவக் காப்பீட்டுல இருந்து பேரை எடுக்கணும்ல? அந்த விதிக்கு மட்டும் கேள்வியே இல்லையே."

பூதக்கண்ணாடிக்கா விட்டுப்போகும்? கீபோர்டை இழுத்துத் தட்டினார்: 'என் மனைவி இறந்துட்டாங்க. அவங்க பேரை நான் எடுத்தே ஆகணுமா?'

பதிலைத் தட்டத்தான் கை வரவில்லை. அவளே குனிந்து 'ஆம்' என்று அடித்து, விதி எண்ணையும் சேர்த்தாள்.

"கேள்வி அச்சு அசலா ஃபோன்ல கேக்குற மாதிரியே இருக்கு சார்."

அவர் சட்டைப்பையில் இருந்த காப்பீட்டு அட்டையில், போன வருஷம் போய்ச் சேர்ந்த மனைவியின் பெயர் அவர் பெயருக்குக் கீழே அப்படியே இருந்தது.