வடிவு டீச்சர் நடத்திய லீவு வகுப்பு

சண்முகவடிவை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வடிவு டீச்சர்தான். லிந்துலைப் பக்கம் எங்கள் டிவிஷனில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவைப் பொறுப்பாகப் பார்ப்பவள் அவள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். எனக்கும் அவளுக்கும் சிநேகிதம் என்றும் சொல்லலாம், சண்டை என்றும் சொல்லலாம். இரண்டுமே தினமும் நடக்கும்.

போன வருஷம் சித்திரை லீவுக்கு முன்பு, லீவில் பிள்ளைகள் றோட்டில் அலைவதைப் பார்க்கச் சகிக்கவில்லை, கைவேலை பழக்குவோம் என்று கிளம்பினாள். அவள் ஒன்றை நினைத்துவிட்டால் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையாலும் தடுக்க முடியாது. துரையிடம் போய் பிள்ளைக் காம்பராவின் பெரிய அறையைப் பின்னேரங்களுக்கு வாங்கினாள். தாய் தகப்பனிடம் சம்மதக் கையெழுத்து வாங்கினாள். எப்போதும் இரண்டு பெரியவர்கள் கூட இருக்க வேண்டும் என்று என்னையும் இழுத்துப் போட்டாள். ஃபெக்டரி எலக்ட்ரீஷியன் றோலண்ட் தன் ஸ்க்ரூடிரைவர் பெட்டியோடு வந்தார்.

வகுப்பு நன்றாகத்தான் நடந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். றோலண்ட் மின்சாரத்தோடு சேராத வயர்த் துண்டுகளைக் கொடுத்து, ப்ளக்குக்குள் பிரவுன் எங்கே, நீலம் எங்கே, பச்சையும் மஞ்சளுமாக இருப்பது எங்கே என்று பழக்கினார். ஒழுகும் பைப்புக்கு வாஷர் மாற்ற வேண்டுமென்றால் முதலில் தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். சொன்னதைக் கேட்காத ஒருவன் தலையிலிருந்து கால் வரை நனைந்தான், அதற்குப் பிறகு எவனும் மறக்கவில்லை. வடிவு கேஸ் அடுப்பைப் பற்றவைப்பதையும், குழாயில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பதையும் காட்டினாள். கொதிநீர் பட்டால் பற்பசை பூசக் கூடாது, ஓடும் தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டே நிற்க வேண்டும் என்றாள். பட்டன் தைக்க, சட்டை அயன் பண்ண, மேசை வைக்க, தேநீர் பரிமாறப் பழக்கினாள்.

ஒன்றில்தான் எனக்கு எரிச்சல். ப்ளக்கும் பைப்பும் பையன்களுக்கு, அடுப்பும் அயனும் பொம்பளைப் பிள்ளைகளுக்கு என்று பிரித்துவிட்டாள். எல்லாரும் எல்லாம் பழகட்டுமே என்றேன். தாய்மார் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று வாயை அடைத்தாள். அதைவிட மோசம், பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பழக்கிய விதம். ட்ரேயை இடப்பக்கமாக நின்று நீட்ட வேண்டுமாம். கோப்பை காலியாகும்வரை இரண்டடி தள்ளித் தலையைக் குனிந்து நிற்க வேண்டுமாம். இது சமையல் வகுப்பா, பங்களா வேலைக்கு ஆள் எடுக்கிறாயா என்று ஒருநாள் கேட்டே விட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பழகிய இடத்தில் பழகியதைத்தானே அவளால் பழக்க முடியும். அது எனக்கு மட்டும் தெரியும்.

பதினொரு வயதில் அவளைக் கொழும்புக்கு ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினேழில் திரும்பி வந்தாள். வந்தபோது நல்ல சட்டை, நல்ல சிங்களம், கேஸ் அடுப்பில் சமைக்கும் கை. அங்கே தன்னைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார்கள், பின்னேரத்தில் படிக்க அனுப்பினார்கள் என்று தோட்டம் முழுக்கச் சொன்னாள். முக்கியமாக அவளுடைய அம்மா இராசம்மாவிடம் சொன்னாள். உண்மையை ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா காதுக்குப் போனால் செத்துப் போவார் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னாள். இராசம்மா பெருமையாகப் பேசுவதெல்லாம் அந்த ஒரு கதையைத்தான். மகளை அனுப்பியதால்தான் அவள் டீச்சரானாள் என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

லீவு வகுப்பின் கடைசி நாளில் பிள்ளைகள் பழகியதை ஊருக்குச் செய்து காட்டுவதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாளுக்கு முன்பு ராக்காயி சிரித்த முகத்தோடு வந்தாள். ராக்காயியின் மகள் கிருஷாந்தி ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படிப்பவள், பதினான்கு வயது, அயன் பண்ணுவதில் எல்லாரையும் விடக் கெட்டிக்காரி. தலவாக்கலையில் இருக்கும் வீரய்யா, பிள்ளை வேலைக்கு நிற்கக் கொழும்பில் ஒரு நல்ல வீடு பார்த்திருக்கிறாராம். அந்த வீட்டு எஜமானியான நோனா சித்திரை சீசனுக்கு நுவரெலியா வந்திருக்கிறாராம். செய்து காட்டும் நாளன்று வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் கையோடு கூட்டிப் போவாராம். “டீச்சர்கிட்ட பழகின புள்ளைன்னு வீரய்யா சொன்னதும் ஒடனே சரின்னுட்டாங்களாம்” என்றாள். நன்றி சொல்லத்தான் வந்திருந்தாள்.

இந்த வீரய்யா யார் தெரியுமா? வகுப்புக்கு பிஸ்கட்டும் சீனியும் வாங்கிக் கொடுத்த புண்ணியவான். எங்கள் ஊரில் யார் பிஸ்கட் கொடுத்தாலும் பொன்னாடை போர்த்திவிடுவோம். அவர் என்ன வியாபாரம் செய்கிறார் என்று கேட்பது மரியாதை இல்லை. வடிவே போய் அவரைப் பிரதம விருந்தினராக அழைத்திருந்தாள். வீடுகளுக்குப் பிள்ளை பிடித்துக் கொடுப்பதுதான் அவர் தொழில் என்று அரசல்புரசலாகத் தெரியாதவர் எங்களில் யாரும் இல்லை.

வடிவு ராக்காயியிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பதினாறு வரை பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும், வீட்டு வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம் என்றாள். ராக்காயி அமைதியாகக் கேட்டாள்.

“நீங்க இதவிடச் சின்னதுல போனீங்கதானே டீச்சர். கெட்டா போயிட்டீங்க?”

கிருஷாந்தியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டோம். போக ஆசை என்றாள். அங்கே பின்னேரம் படிக்கலாம், வரும்போது சிங்களம் நல்லா வரும், நானும் டீச்சராவேன் என்று வடிவின் பழைய பொய்யை அப்படியே ஒப்பித்தாள். எனக்கு வடிவை அறைய வேண்டும் போல இருந்தது. பாவமாகவும் இருந்தது.

நான் சிறுவர் உதவிக்கான 1929 நம்பருக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். விவரமெல்லாம் எழுதிக்கொண்டார்கள். ஆனால் புதுவருஷ லீவு, பிரதேச செயலகம் பூட்டு. அதிகாரிகள் வந்து விசாரிப்பதற்குள் பிள்ளை போய்விடும். சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாள் என்று ராக்காயி சொல்லிவிட்டால் கொழும்பில் எந்தக் கதவைத் தட்டுவது? பிள்ளையை நிறுத்த ஒரே வழி இருந்தது. அது என்னவென்று இருவருக்கும் தெரிந்திருந்தது. உன் அம்மாவை அன்று வரவேண்டாம் என்று சொல் என்றேன். இராசம்மா ஏற்கனவே சேலையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறார் என்றாள் வடிவு.

அன்று இராசம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீரய்யா பொன்னாடையோடு நடுவில். பக்கத்தில் அந்த நோனா, வாசனை பூசிய, மரியாதையான, சிரித்த முகமுள்ள பெண். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் நானே பிள்ளையை அனுப்பிவிடுவேன். பையன்கள் ப்ளக் பூட்டிக் காட்டினார்கள், எல்லாரும் கைதட்டினோம். பிறகு கிருஷாந்தி ட்ரேயோடு வந்தாள். நோனாவுக்கு இடப்பக்கமாக நின்று நீட்டினாள். நோனா கோப்பையை எடுத்ததும் இரண்டடி பின்னால் போய்த் தலையைக் குனிந்தாள். நோனா வீரய்யாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

வடிவு எழுந்து போய் கிருஷாந்தியின் கையிலிருந்து ட்ரேயை வாங்கினாள். பிள்ளையை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். மைக் எதுவும் இல்லை, சாதாரணக் குரலில்தான் பேசினாள்.

“இப்பிடி நிக்க நான் அடி வாங்கித்தான் பழகினேன். என்னைய ஒருநாளும் படிக்க அனுப்பல. குசினி வாசல்ல சாக்குலதான் படுத்தேன். அப்பா செத்தத எனக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் சொன்னாங்க. எழவுக்கு வர லீவு கெடைக்கலன்னு நான் சொன்னது பொய். எல்லாம் பொய்.”

நோனாவுக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது, ஆனால் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். வீரய்யா இது அவமானம் என்று ஏதோ தொடங்கினார். றோலண்ட் அவரைத் தோளில் கை போட்டு வாசல் வரை கூட்டிப் போனார், பொன்னாடையோடு. நான் இராசம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

கடைசியாக ராக்காயி வந்தாள். “அப்ப எதுக்கு டீச்சர் எங்க புள்ளைங்களுக்கு அதையே சொல்லிக் குடுத்தீங்க?” என்றாள். மகளை இழுத்துக்கொண்டு போனாள். அவள் கேட்டது நியாயம்தான், அதனால்தான் அத்தனை வலித்தது.

கிருஷாந்தி போகவில்லை. லீவு முடிந்து வகுப்புக்கு வந்தாள். அதிகாரிகள் வந்து ராக்காயியை எச்சரித்துவிட்டுப் போனார்கள், அதற்குப் பிறகு ராக்காயி எங்கள் இருவரோடும் பேசுவதில்லை. வீரய்யாவைத் தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் இப்போதும் பார்க்கலாம். முன்பு வடிவைப் பார்த்தால் பெருமைப்பட்ட பெண்கள் இப்போது உச்சுக்கொட்டினார்கள். அது அவளுக்கு அடியைவிட மோசமாக இருந்தது.

இராசம்மா மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சமைத்து வைப்பார், சாப்பாட்டை நகர்த்தி வைப்பார், வாய் திறக்க மாட்டார். மாதங்கள் போயின. ஆவணி லீவு வந்தது. வகுப்பே வேண்டாம் என்று வடிவு மறுத்தாள், நான் விடவில்லை. இந்தத் தடவை பிரிக்கவில்லை. பொம்பளைப் பிள்ளைகள் ப்ளக் பூட்டினார்கள், பையன்கள் ரொட்டி தட்டினார்கள். அவனவன் சீருடையை அவனவன் அயன் பண்ணினான். சமைத்ததை வட்டமாக உட்கார்ந்து அவர்களே சாப்பிட்டார்கள். யாருக்கும் யாரும் பரிமாறவில்லை. வந்தவர்கள் முந்தியதில் பாதிதான்.

ஒரு பின்னேரம் இராசம்மா வந்து வாசலில் நின்றார். பிள்ளைகள் சாப்பிட்டு, தட்டுக் கழுவி, வீட்டுக்குப் போகும்வரை நின்றார். நான் நழுவப் பார்த்தேன், வடிவு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வருசா வருசம் சீசனுக்கு நீ வேல செஞ்ச வீட்டம்மா காருல ஒன்னையும் கூட்டிக்கிட்டு நுவரெலியாவுக்கு வருவாங்க” என்றார் இராசம்மா. “நான் கோவா, லீக்ஸ்னு மரக்கறி தூக்கிக்கிட்டுப் போயி, அவங்க கால்ல விழுந்து கும்புடுவேன். நீ புதுச்சட்டை போட்டுக்கிட்டுப் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்த. அப்பவாவது எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

வடிவு என் கையை விட்டாள். பிறகு தாயின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“சொல்லியிருந்தா, என்னைய வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பீங்களாம்மா?”

இராசம்மா பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தார்.

“தெரியலயே தாயி” என்றார்.