காத்திருந்த அம்மாக்களும் என் ஓரகத்தியும்

எங்கள் மாதா கோயில் பங்கின் பெண்கள் சங்கத்துக்கு இது இருபத்தைந்தாவது வருஷம். வெள்ளி விழா மலர் போடுகிறார்கள். "ஷெரிலைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க டீச்சர், ஒரே வீட்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். உழைப்பாளி, இறைப்பற்று மிக்கவர், பிறருக்கு உதாரணம் என்று நல்ல நல்ல வார்த்தையாகப் போட்டு எழுதியிருக்கிறேன். அதில் எழுதாததைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு அவள் மேல் பொறாமை. வயிறு எரிகிறது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

ஷெரில் என் ஓரகத்தி. என் கணவர் காஸ்பரின் தம்பி டெரிக்கின் மனைவி. சாந்தோமில் மாமனார் விட்டுப்போன வீட்டை இரண்டாகப் பிரித்தபோது தெருவைப் பார்த்த முன்பாதி எங்களுக்கு வந்தது, பின்பாதி அவர்களுக்குப் போனது. அவர்கள் வெளியே வர வேண்டுமென்றால் எங்கள் சுவரை ஒட்டிய சந்து வழியாகத்தான் வர வேண்டும். சந்தின் கதவு எங்கள் கடையின் பக்கத்தில் இருக்கிறது. அப்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். முன்பாதி கிடைத்தவள் நான்.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் முன்னறையில் கடை வைத்தேன். பேனா, நோட்டு, ஜெராக்ஸ். எதிர்க்கட்டடத்தின் மாடியில் ஒரு கோச்சிங் சென்டர் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே நுழைவுத்தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார்கள். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு விடுவார்கள். மந்தைவெளி, அடையாறு, ராயப்பேட்டை என்று எங்கிருந்தெல்லாமோ அம்மாக்கள் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். வீட்டுக்குப் போய்த் திரும்பினால் ஆட்டோவுக்கு நாலு நடை ஆகும் என்று அங்கேயே காத்திருப்பார்கள். காத்திருக்கும் இடம் என் கடைப்படி.

ஆறு வருஷம் அந்தப் படிக்காக நான் போட்ட சண்டை கொஞ்சமல்ல. ஒருத்தி பாத்ரூம் எங்கே என்பாள். ஒருத்தி போனுக்குச் சார்ஜ் போடலாமா என்பாள். ஒருத்தி பையிலிருந்து பீன்ஸை எடுத்து நறுக்க ஆரம்பித்துவிடுவாள். இல்லை, கிடையாது, எழுந்திருங்க. இதையே சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிப்போகும். கடைசியில் நாலரை மணிக்கே படியில் தண்ணீர் ஊற்றிவிடும் பழக்கம் வந்தது. ஈரத்தில் யார் உட்காருவார்கள்? எதிரே மதில் ஓரமாகப் போய் நின்றுகொள்வார்கள்.

போன வருஷம் கிண்டியில் டெரிக் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். ஷெரில் கையில் எதுவும் இல்லை. ஒருநாள் மாலை பார்க்கிறேன், அவளும் ஒரு முறத்தோடு அந்த மதில் ஓரத்தில் அம்மாக்களோடு நிற்கிறாள். கீரை ஆய்கிறாள். மறுநாளும் அப்படித்தான். இரண்டு வாரம் இது நடந்தது. வேலை போன துக்கத்தில் இவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று காஸ்பரிடம் சொன்னேன். மூளை கலங்கியவள் முன்பாதி வீட்டில் இருந்தாள் என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது.

அவள் அங்கே என்ன கேட்டாள் என்பதைப் பிற்பாடு மயிலாப்பூர் விசாலாக்ஷி மாமி என்னிடம் சொன்னாள். மகள் வேலையிலிருந்து வர நேரமாவதால் பேத்தியை அழைத்து வருகிறவள் அவள். "நான் ஒரு இடம் போட்டா வருவேளான்னு அவ கேக்கவே இல்லை. அப்படிக் கேட்டா எல்லாரும் மரியாதைக்கு வரேன்னுடுவா இல்லையா? நேத்திக்கு இந்த மூணு மணி நேரம் என்ன பண்ணினேள்னு கேட்டா. சொல்லிண்டே வந்தேன். மத்தியானம் மூணு மணிக்கப்புறம் தண்ணியே குடிக்கறதில்லைன்னு வாயில வந்துடுத்து. அதுவரைக்கும் எனக்கே அது ஒரு குறையா தோணினதில்லை."

அங்கே நின்ற எல்லாப் பெண்களும் அப்படித்தானாம். பாத்ரூம் இல்லாத இடத்துக்கு வருகிறோம் என்று மதியத்திலிருந்தே வாயைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் உட்காரக்கூட முடியாதபடி படியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் நான்.

ஷெரில் கடன் வாங்கி எதையும் கட்டவில்லை. தன் கூடத்தில் ஆறு நாற்காலி போட்டாள். பாத்ரூமைத் தேய்த்துக் கழுவி, கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டு, பை மாட்ட ஒரு கொக்கி அடித்து, மூடி போட்ட குப்பைத்தொட்டி வைத்தாள். ஒரு மாலைக்கு முப்பது ரூபாய், ஒரு வாரம் பார்ப்போம் என்றாள். சும்மா வா என்றால் யாரும் வருவார்கள், காசு கொடுத்து மறுநாளும் வந்தால்தான் நிஜமாகவே தேவை இருக்கிறது என்று அர்த்தம் என்று டெரிக்கிடம் சொன்னாளாம். திங்கள்கிழமை மூன்று பேர் வந்தார்கள். வெள்ளிக்கிழமை உட்கார இடம் இல்லை.

அவளும் சறுக்கினாள், அதைச் சொல்லாமல் விடமாட்டேன். முதல் வாரம் பஜ்ஜி போட்டாள். ஒருவரும் தொடவில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? வீட்டுக்குப் போய் ராத்திரிச் சமையல் செய்ய வேண்டியவர்களுக்கு பஜ்ஜி எதற்கு? அவள் அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நீளமாக ஒரு மேஜை, நாலு கத்தி, காய் நறுக்கும் பலகை என்று போட்டாள். சுவரில் எட்டு பிளக். ராயப்பேட்டை அமீனா பீ ஆறரை மணி ஆனதும் எழுந்து சந்துக்கு வந்து நிற்பதைக் கவனித்து, மாலைத் தொழுகைக்கு இடம் தேடுகிறாள் என்று புரிந்துகொண்டு, ஒரு மூலையைப் பெருக்கித் துடைத்துத் திரை கட்டிக் கொடுத்தாள். சுவரில் சகாய மாதா படம், மூலையில் தொழுகை விரிப்பு, மேஜையில் வெண்டைக்காய். மாதக் கட்டணத்துக்கு அனுமதிச் சீட்டு போட்டதும் முப்பத்தைந்து பேர் சேர்ந்தார்கள். பாத்ரூமை மாலையில் மூன்று தடவை கழுவுவது டெரிக். தெருவே சிரித்தது. அவன் கவலைப்படவில்லை. "பட்டறைல கிரீஸ் கழுவுனவன் அண்ணி நானு. இதுல இன்னா கீது?" என்றான்.

என் கடையோ படுத்துக்கொண்டிருந்தது. சென்டரில் பிள்ளைகளுக்குப் பாடத்தையெல்லாம் டேப்லெட்டில் கொடுத்துவிட்டார்கள். ஜெராக்ஸ் எடுக்க ஆள் இல்லை. பின்பாதிக்காரி வீட்டுக்கு என் கண் முன்னால் வரிசையாக ஆட்கள் போகிறார்கள். போகும்போது "வரோம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வேறு போகிறார்கள். நானும் செய்தேன். ஜெராக்ஸ் மிஷினை ஓரம் கட்டி, பத்து நாற்காலி, கண்ணாடிக் கதவு, டிவி எல்லாம் போட்டு, டீ இலவசம் என்று எழுதி ஒட்டினேன். ஒரு மாதம் கழித்தும் அந்த டீயைக் குடித்தது காஸ்பர் மட்டும்தான்.

விசாலாக்ஷி மாமியிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "ரோட்டைப் பார்த்துண்டு கண்ணாடிக்குள்ள உக்காந்தா, போறவா வரவா எல்லாரும் பாப்பா. காலை நீட்ட முடியுமோ? அப்புறம், டீயைக் குடிச்சுட்டு எங்க போறது?" என்றாள். எங்கள் பாத்ரூம் அடுக்களையைத் தாண்டி உள்ளே இருக்கிறது. அதைத் தருவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் நாலே முக்காலுக்கு சந்துக் கதவைப் பூட்டினேன். புதுப் பூட்டு. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் சந்து குடியிருப்பவர்கள் போய்வர என்றுதான் எழுதியிருக்கிறது, வாடிக்கையாளர்கள் போய்வர என்று எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கதவு போனால் அவள் தொழில் போயிற்று. தெரிந்துதான் செய்தேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கல்லாவில் உட்கார்ந்தேன்.

ஐந்தே காலுக்கு இருபது பெண்கள் தெருவில் நின்றார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. மெதுவாக எதிர் மதிலை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள், ஆறு வருஷம் நின்ற அதே இடத்துக்கு. உள்பக்கமிருந்து ஷெரில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"இன்னாக்கா இது?" என்றாள், சாதாரணமாக.

"இது என் கடை வாசல். இந்த ஜனங்க ஆறு வருஷமா என் படிக்கு வந்தவங்க. நீ பின்னாலேர்ந்து வந்து தட்டிக்கினு போயிட்டே" என்றேன். கோபம் வந்தால் இருபத்தெட்டு வருஷத் தமிழ் டீச்சருக்கும் தெருப்பேச்சுதான் வருகிறது.

"ஆமாக்கா. உங்ககிட்டேர்ந்துதான் எடுத்தேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி ஒண்ணா சாப்புடுவோமே. நீங்க எப்பவும் இவங்களப் பத்திதான் பொலம்புவீங்க. இன்னைக்கு ஒருத்தி பாத்ரூம் கேட்டா, ஒருத்தி சார்ஜர் கேட்டா, ஒருத்தி படியில உக்காந்து காய் நறுக்கறா, தினம் இதே ரோதனைன்னு. அவருக்கு வேல போனப்புறம் ஒருநாள் யோசிச்சேன். இத்தினி பேர் இத்தினி வருஷமா ஒரே விஷயத்தக் கேக்கறாங்கன்னா, அது யார்கிட்டயும் இல்லன்னுதான அர்த்தம்? மதிலாண்ட போய் நின்னது நீங்க சொன்னது நெஜமான்னு பாக்கத்தான். எல்லாம் நெஜமா இருந்திச்சு. பஜ்ஜி மட்டும்தான்க்கா என் சொந்த ஐடியா, அதுதான் ஓடல."

கேலி செய்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நன்றி சொல்கிற முகம் அது. மதிலோரத்திலிருந்து அமீனா பீ, தொழுகைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று வானத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பூட்டைத் திறந்தேன். ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். "தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிவிட்டு ஷெரிலும் போனாள்.

நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தமும் நாற்காலி இழுக்கும் சத்தமும் கேட்டன. அவள் என்னிடமிருந்து எதையும் திருடவில்லை. ஆறு வருஷம் வாரம் தவறாமல் சாப்பாட்டு மேஜையில் நானே அவளுக்குப் பரிமாறியிருக்கிறேன். திருடியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.