மொட்டைமாடியில் இரண்டு பெட்டிகள்

கணவர் இறந்தபோது தையல்காரம்மா அழவில்லை. மொட்டைமாடியில் கணவர் வளர்த்த இரண்டு தேனீப் பெட்டிகளை விற்றுவிடச் சொன்னாள் நாத்தனார். தையல்காரம்மாவுக்கு விற்கவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் ஆசையில்லை. சும்மா இருக்க முடியாமல் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போனார்.

மழைக்காலத்தில் தேன் எடுக்காமல், சர்க்கரைப் பாகு வைத்துத் தேனீக்களைக் காப்பாற்றினார். பூக்காலத்தில் பெட்டியின் மேலடுக்குத் தேனடைச் சட்டங்களில் இருந்து மட்டும் தேன் எடுத்தார். கீழடுக்கைத் தேனீக்களுக்கும் அவற்றின் புழுக்களுக்கும் விட்டுவிட்டார். தெருவே ருசி என்று புகழ்ந்தது. அவர் நாக்குக்கு எந்த ருசியும் தெரியவில்லை.

மறு பூக்காலத்தில் பெட்டியைத் திறந்து தேன் எடுக்கும்போது, முகவலைக்குள் புகுந்த ஒரு தேனீ கழுத்தில் கொட்டியது. முன்பும் கொட்டு வாங்கியவர்தான். ஆனால் இம்முறை உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்தது. பதறி ஓடிவந்த நாத்தனாரிடம், "முதல்ல பெட்டிய மூடு" என்றார்.

மருத்துவமனையில் தொடையில் ஊசி போட்டுக் காப்பாற்றிய டாக்டர், "இனி ஒரு கொட்டு பட்டாலும் உயிருக்கு ஆபத்தும்மா. தேனீ பக்கமே போகாதீங்க" என்றார்.

பயிற்சி கொடுத்தவர் வந்து, பொழுது சாய்ந்து தேனீக்கள் அடங்கியதும் பெட்டிகளின் வாசலை அடைத்து எடுத்துப்போனார்.

"வருத்தமா இருக்கா அண்ணி?"

"தெரியல. வந்தா சொல்றேன்" என்று கீழே இறங்கி, பாதியில் நின்ற ரவிக்கையைத் தைக்க உட்கார்ந்தார்.