பெரியவரை அனுப்பிவிடாதீர்கள்

என் மருமகளுக்கு முதல் வரி எழுதுவதுதான் வேலை. மிச்சத்தையும் அவள்தான் எழுதுகிறாள், ஆனாலும் அவளுடைய காலைப்பொழுது அந்த ஒரு வரியிலேயே போய்விடும். கண்டியில் ஒரு புடவைக் கடை, கேக் செய்து விற்கிற ஒரு அம்மா, ஒரு டியூஷன் வகுப்பு என்று சிலருடைய பேஸ்புக் பக்கங்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறாள். சாப்பாட்டு மேசையில் கம்பியூட்டரை வைத்துக்கொண்டு எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். நான் எதிர்க் கதிரையில் இருந்து கீரை ஆய்வேன்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன், மெதுவாக. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

"ஒரு வரிக்கு இவ்வளவு நேரமா? நான் அதுக்குள்ள சோறே ஆக்கிடுவேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"சோத்த பசிச்சவங்க தேடி வருவாங்க அத்தை. இத யாரு தேடுறா? பஸ்ஸுல நின்னுக்கிட்டு பெருவிரலால தள்ளிக்கிட்டே போறாங்க. மேல உள்ள ரெண்டு மூணு வரிதான் போன்ல தெரியும். மிச்சத்த பாக்கணும்னா 'மேலும் பார்க்க'ங்கிறத தொடணும். மேல விரல் நிக்கலன்னா கீழ என்ன எழுதியும் வீண்தான்."

புடவைக் கடை முதலாளி தானே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார். அவள் வாசித்துக் காட்டினாள்: "அதிர்ச்சி! இந்தப் புடவையைப் பார்த்தால் இன்றிரவு உங்களுக்குத் தூக்கமே வராது!"

"ஏன், புடவைக்குள்ள மூட்டப்பூச்சி இருக்கா?" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு அதை அழித்துவிட்டு, 'மழையில் நனைந்தாலும் ஜாக்கெட்டில் சாயம் ஒட்டாத சிவப்புப் புடவை' என்று எழுதினாள். எனக்கே அந்தப் புடவையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"சாயம் போகாதுன்னு நிச்சயமா தெரியுமா?"

"நனைச்சு காயப்போட்டு பாத்துட்டேன் அத்தை. உள்ள இல்லாதத வெளிய சொல்லக்கூடாது. ஒரு தடவ ஏமாந்து தொட்டவங்க, அடுத்த தடவ நம்ம பேர பாத்தாலே தள்ளிட்டுப் போயிடுவாங்க."

இதெல்லாம் எனக்கு ஒரு பொழுதுபோக்காகத்தான் இருந்தது, என் வீட்டுக்காரர் காணாமல் போகிற வரைக்கும்.

அவர் கண்டி மாநகரசபையில் வேலை பார்த்தவர். நாங்கள் பட்டணத்திலேயே, மஹய்யாவையில் இருந்தோம். மகன் படித்து, ஒரு கம்பனியில் கணக்கு வேலைக்குப் போய், பட்டணத்துக்கு வெளியே குண்டசாலையில் வீடு கட்டி எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். அங்கே யாராவது கேட்டால், "மாநகரசபையில வேலை" என்று சொல்வேன். அது பொய்யில்லை. என்ன வேலை என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரோடு கூட்டுகிற வேலை. விடியுமுன் எழும்பிப் போய், பட்டணம் விழிக்கும்போது அதைச் சுத்தமாக வைத்திருந்தவர். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சொன்னவுடன் முகம் மாறுகிறவர்களுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். மகனும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

பிறகு அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. பேரப்பிள்ளைகளின் பெயர் போயிற்று. அப்புறம் எங்கள் பெயரும் போயிற்று. கை மட்டும் எதையும் மறக்கவில்லை. விடிந்தால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிவிடுவார். மகன் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவான். நான் விளக்குமாற்றை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

அன்றைக்கு நான் குளித்துவிட்டு வந்தபோது கேட் தாழ்ப்பாள் போடாமல் திறந்து கிடந்தது. பச்சை ஸ்வெட்டரும் இடுப்பில் கட்டிய சாரமுமாகப் போய்விட்டார். ஆட்டோக்காரர்களிடம் கேட்டோம். மஹய்யாவையில் பழைய வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் பார்த்தோம், பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். எங்கும் இல்லை.

மகனுக்குத் தெரிந்த ஒருவர் பேஸ்புக்கில் செய்திப் பக்கம் ஒன்று நடத்துகிறார். மகன் அவரிடம் சொன்னதும், அவன் கல்யாணத்தில் என் வீட்டுக்காரர் கோட் போட்டு நின்ற படத்தோடு அவர் உடனே போட்டுவிட்டார். மருமகள் அப்போது ஆஸ்பத்திரியில் நின்றாள், அவளுக்குத் தெரியாது. மகன் எனக்குக் காட்டினான். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். 'கண்டியில் பெரும் சோகம்! காலையில் வீட்டை விட்டுச் சென்ற முதியவருக்கு நேர்ந்தது என்ன? முழு விபரம் உள்ளே.'

"எல்லாரும் ஷேர் பண்றாங்கம்மா" என்றான். அவன் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. நானும் நல்லதென்றே நினைத்தேன்.

மத்தியானம் திரும்பியபின் வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மஹய்யாவையில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தவள். வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். கேட்டிலிருந்தே அழுதுகொண்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, எப்ப எடுக்கிறீங்க?"

நான் அவள் கையைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"எடுக்க ஒன்னும் இல்ல. ஆளத் தேடிக்கிட்டு இருக்கோம். உள்ள வந்து தண்ணி குடி."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "போன்ல பெரும் சோகம்னு இருந்திச்சேக்கா. நான் கும்பிடு போட்டு 'ஆத்மா சாந்தியடையட்டும்'னு வேற எழுதிட்டேன். இந்த வாய, இந்தக் கைய என்ன செய்றது?"

"இருக்கட்டும். முதல்ல புடவைய மாத்து. என்னோடத தாறேன்."

அப்போதுதான் மருமகள் வந்து சேர்ந்தாள். வெள்ளைப் புடவையைப் பார்த்துப் பதறி, போனை வாங்கி, அந்த வரியையும் கீழே சனங்கள் எழுதியிருந்ததையும் பார்த்தாள். பாதிப் பேர் அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். அவள் கத்தவில்லை. புருஷனைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னாள்.

"விரல் நின்னிருக்கு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா முடிஞ்சு போன கதைன்னு நினைச்சு அழுதுட்டுப் போறாங்க. யாரும் தலைய தூக்கி ரோட்ட பாக்கல. மாமா அவங்க பக்கத்துலயே நின்னாலும் தெரியாது. முதல்ல இத எடுக்கச் சொல்லுங்க."

செய்திப் பக்கக்காரருக்கு மனசில்லை. "நல்லா போய்க்கிட்டு இருந்திச்சே" என்றாராம். ஆனாலும் எடுத்துவிட்டார்.

மருமகள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். 'காணவில்லை' என்று எழுதி அழித்தாள். "தினமும் பாக்கிற சொல்லு, கண்ணு தாண்டிப் போயிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"அத்தை, மாமா எங்க இருப்பாருன்னு கேக்கல. இப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருப்பாரு? அவரத் தெரியாத ஒருத்தர் பாத்தா, என்ன செய்ற ஆளாத் தெரிவாரு?"

எனக்குக் கேட்டவுடனே விடை தெரிந்தது. மகனுக்கும் தெரிந்துவிட்டது. அவன் சுவரைப் பார்த்தான்.

"அது வேணாம். பச்ச ஸ்வெட்டர்னு போடு. வயச போடு."

"பச்ச ஸ்வெட்டர் போட்ட வயசானவங்க கண்டியில கொஞ்சமா இருக்காங்க?"

"இந்த ரோட்டுல எல்லாரும் பாப்பாங்க. நாளைக்கு பிள்ளைங்க ஸ்கூல்ல..." அவன் கெட்டவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அழுதுகொண்டு வந்த பிள்ளையின் முகத்தைக் கழுவிவிட்டவள் நான்.

நான் யாரிடமும் தலைகுனிந்து பழக்கமில்லாதவள். குண்டசாலையிலும் அப்படித்தான் இருந்துவந்தேன். அதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அவர் எங்கோ வெயிலில் பசியோடு நிற்பதையும் நினைத்தேன்.

"கூட்டிக்கிட்டு இருப்பாரு" என்றேன். "குப்ப கிடக்கிற வாசலக் கண்டா அவரால தாண்டிப் போக முடியாது. கடை வாசலா இருந்தா இன்னும். எழுது."

"அம்மா" என்றான் மகன்.

"அவரு முதல்ல வந்து சேரட்டும். நம்ம மானத்த அப்புறமா பாத்துக்குவோம்."

அவள் எழுதினாள். 'உங்கள் கடை வாசலை இப்போது ஒரு பெரியவர் கூட்டிக்கொண்டிருக்கிறார்' என்று முதலில் எழுதியதை நிறுத்தி யோசித்தாள். "இப்படிப் போட்டா கட்டாயம் நிப்பாங்க. ஆனா வாசல்ல ஆள் இல்லன்னா பொய்யாயிடும்." கடைசியில் இப்படி வந்தது:

'உங்கள் கடை வாசலை இப்போது ஒரு பெரியவர் கூட்டிக்கொண்டிருக்கலாம். அவரை அனுப்பிவிடாதீர்கள்.'

அதற்குக் கீழே, கண்டி ரோடுகளைக் கூட்டியவர், வழி மறந்தவர், பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது, பச்சை ஸ்வெட்டர், ஒரு கதிரையும் தேத்தண்ணியும் கொடுத்து இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்று எழுதினாள். கோட் போட்ட படத்தை விட்டுவிட்டு, முற்றத்தில் அதே ஸ்வெட்டரோடு நிற்கிற படத்தைப் போட்டாள். சிங்களத்தில் தனியாக இன்னொன்று எழுதினாள். ஒன்றாகப் போட்டால் கீழே வருகிற பாஷை மறைந்துவிடுமாம். கடைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள் இருக்கிற குழுக்களாகப் பார்த்துப் பார்த்து அனுப்பினாள்.

முன்னதைப் போல இது பரவவில்லை. மகன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். "கொஞ்சப் பேர்தான் ஷேர் பண்ணியிருக்காங்க."

"அத பாக்காதீங்க" என்றாள் அவள். "நமக்கு ஒரு ஆள் போதும்."

வெயில் தாழும் நேரத்தில் போன் அடித்தது. கலகெதரவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் ஆள். மருமகள் சத்தத்தைக் கூட்டி எங்களுக்கும் கேட்கவைத்தாள்.

"மகள், அந்தப் பெரியவர் இங்க ஈக்காரு. பயப்பட வாணாம். தேத்தண்ணி குடிச்சிட்டாரு. கட வெளக்குமாத்த மட்டும் கையில இருந்து விடுறாரில்ல."

கண்டியில் பஸ் மாறி அவ்வளவு தூரம் எப்படிப் போனார் என்று இன்றைக்கும் தெரியாது. நாங்கள் போய் இறங்கியபோது, கடைக்கு முன்னால் கதிரையில், முழங்காலுக்கிடையே விளக்குமாற்றை நிறுத்திக்கொண்டு இருந்தார். அந்தக் கடை வாசலும் பக்கத்துக் கடை வாசலும் துடைத்துவிட்டது போலக் கிடந்தன. என்னைப் பார்த்து, "சாப்டியா?" என்று கேட்டார். பெயர் இல்லை, முறை இல்லை, ஆனால் கேட்டார்.

கடைக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னார். "உம்மா, உள்ளதச் சொல்றேன். யாரோ காசு கேட்டு வந்து கூட்டுறாருன்னுதான் நான் நெனச்சேன். போகச் சொல்ல எழும்பினேன். கையில போன். அதுல அந்த வரி. அப்படியே நின்னுட்டேன். அதுக்குப் பேந்துதான் படத்தப் பாத்தேன்."

வீட்டுக்கு வந்ததும் மருமகள் முதல் காரியமாகப் போனை எடுத்து, எழுதியதற்கு மேலே 'பெரியவர் வீட்டுக்கு வந்துவிட்டார், நன்றி' என்று சேர்த்தாள். கீழே போட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள், நாளைக்கும் தேடிக்கொண்டிருப்பார்கள் என்றாள்.

மறுநாள் விடிந்தபோது நானே விளக்குமாற்றை அலுமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் கேட்டடியில் போய்த் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டினார். எதிர் வீட்டுச் சிங்கள அம்மா வெளியே வந்தாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். மருமகள் சிங்களத்தில் எழுதியதை அவள் வாசித்திருந்தாள் என்பது தெரிந்தது. தன் வாசலில் வரிசையாக இருந்த பூச்சட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மதிலோரம் வைத்தாள், கூட்டுகிறவருக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்பது போல.

மகன் வேலைக்கு உடுத்திக்கொண்டு என் பின்னால் வந்து நின்றான். கையைப் பிடித்து அவரை உள்ளே கூட்டிவரப் போகிறான் என்று நினைத்தேன். அவன் போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, அப்பா கூட்டி முடிக்கும்வரை அந்த ரோட்டோரத்திலேயே நின்றான்.