மேல் வரியில் எழுதாத எட்டு மணி

நோர்வேயில், லோறென்ஸ்கூக் பக்கம் ஒரு சலவைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. சம்பளம் வாராவாரம். கார் லைசென்ஸ் எடுக்கிற ஆசையில் ஒரு கிழமை இரண்டு பின்னேரங்கள் நான்கு நான்கு மணி கூட நின்று விரிப்பு மடித்தேன். லைசென்ஸுக்குக் கட்டாயமான, பனியில் ஓட்டப் பழக்கும் வழுக்குச் சாலைப் பயிற்சிக்கு வெள்ளிக்குள் காசு கட்டாவிட்டால் என் இடம் போய்விடும்.

கணக்கைப் பஸ்ஸிலேயே போட்டு வைத்திருந்தேன். வழமையான முப்பத்தேழரை மணி, மணிக்கு 220 குரோனர்: 8,250. கூட நின்ற எட்டு மணிக்கு ஒன்றரை மடங்கு, 330 படி 2,640. வரி கழிக்க முன் எல்லாமாக 10,890.

சம்பளத் துண்டிலோ 9,130 என்று இருந்தது. ஓவர்டைம் மணிக்கு 110 தானாம். பின்னேரம் முழுக்க நின்று முறிந்தவளுக்குப் பாதிக் கூலியா? நாளைக்கே வேலையை விடுகிறேன் என்று துண்டைக் கசக்கினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

பக்கத்து மேசையில் மடிக்கிற மட்டக்களப்புப் பிள்ளை, அதுவரை என்னோடு அதிகம் பேசாதவள், துண்டை வாங்கி நீவி, நான் எழுதிக் கொடுத்த நேரத் தாளின் பிரதியையும் கேட்டாள்.

"மேல் வரியில முப்பத்தேழரைதானே போட்டிருக்கீங்க அக்கா. அங்க நாப்பத்தைஞ்சரையும் போடணும். கீழ் வரி மேலதிகப் பாதிக்கு மட்டும்தான்."

போட்டுப் பார்த்தேன். நாற்பத்தைந்தரை மணிக்கு 220 படி 10,010. அதோடு எட்டு மணிக்கு 110 படி 880. அதே 10,890! ஓவர்டைம் தனி, வழமை தனி என்று பிரித்து எழுதி, எட்டு மணியின் அடிச் சம்பளம் 1,760ஐ நானே விழுங்கியிருக்கிறேன். கொடுமையே.

சாப்பாட்டு இடைவேளையில் பிள்ளையே என்னை அலுவலகத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்த பெண் தாளைத் திருத்தி, மிச்சத்தை வியாழன் போடுவதாகச் சொன்னாள். வெளியே வந்து, உனக்கு எப்படித் தெரியும் என்று பிள்ளையைக் கேட்டேன்.

"நானும் வந்த புதுசில எட்டு மாசம் இப்படித்தான் எழுதின. மறுகாதான் விளங்கிச்சு. கேக்க வெக்கம்."

அந்தக் காசு? வரவே இல்லையாம். போன வருடக் கதையாம், விடுங்க என்றாள். தனக்குக் கேட்காதவள் என் ஒரு கிழமைக்காக இடைவேளைச் சாப்பாட்டையும் விட்டு வந்திருக்கிறாள்.

கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே இழுத்துப் போனேன். பழைய தாள்கள் எல்லாம் அலுமாரியில் இருந்தன. இவ்வளவு காலம் ஏன் கேட்கவில்லை என்றாள் அலுவலகப் பெண். நான் வாயைத் திறக்க முன், பிள்ளை தன் நோர்வேஜிய மொழியில் மெதுவாகச் சொன்னாள்:

"இப்ப கேக்கிறன். அது நான் நிண்டு வேலை செஞ்ச நேரம்."