பட்டியலில் விடுபட்ட குளம்

நாகர்கோவிலில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில், நான்கு கணினிகள் மட்டும் உள்ள ஒரு சின்ன வரைபட நிறுவனத்தில் ரெஜிலா ஆறு வருடமாக வேலை பார்த்தாள். ஊர் திருவட்டாறு. காலையில் பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். புவியியல் முதுகலை முடித்து, இரண்டு பள்ளிக்கூடங்களில் தற்காலிக ஆசிரியையாக இருந்து, மூன்றாவது பள்ளி கிடைக்காமல் இங்கே வந்து சேர்ந்தவள். கணவன் சத்தியராஜ் பெயிண்டிங் காண்டிராக்ட் எடுப்பவன். மழைக்காலம் முழுக்க வீட்டில்தான் இருப்பான். ஆகவே இந்த வேலையை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. பழைய கிராம வரைபடங்களைத் திரையில் வைத்து, வயல், குளம், வாய்க்கால் எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாகக் குத்தி எல்லை வரைவது ஒரு கட்டம். அப்படி வரைந்த குளங்களின் மேல், புதிதாக வருகிற மனைப்பிரிவுகளின் எல்லையை வைத்து, எது எதன் மேல் விழுகிறது என்று கியூஜிஸ் மென்பொருளில் வெட்டிப் பார்ப்பது அடுத்த கட்டம். எந்த மனைப்பிரிவு எந்தக் குளத்தில் எத்தனை சென்ட் விழுகிறது என்று பட்டியல் வரும். அந்தப் பட்டியல் ஒரு அரசுத் துறைக்குப் போகும். பட்டியலில் பெயர் வராத மனைப்பிரிவுக்கு நீர்நிலை ஆட்சேபணை இல்லை என்று பொருள்.

சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அந்த வெட்டு ஓடாமல் நின்றது. ஒரு குளத்தின் எல்லைக்கோடு தன்னையே குறுக்கே வெட்டிக்கொள்கிறது, அதைச் சரிசெய்துவிட்டு வா என்று சிவப்பில் ஒரு வரி. ரெஜிலா அதைச் சரிசெய்தாள். மறுபடி ஓடவிட்டாள். வேறொரு குளத்தில் நின்றது. அதையும் சரிசெய்தாள். மூன்றாவதில் நின்றபோது மணி நாலரை.

நிறுவனத்தை நடத்திய அபிலாஷ் பின்னால் வந்து நின்றான். அவளைவிட இரண்டு வயது இளையவன். கெட்டவன் இல்லை, பயந்த சுபாவக்காரன்.

"ரெஜிலா, அஞ்சரைக்கு மெயில் போணும். துறையிலேந்து ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு."

"ஒவ்வொண்ணா தடுக்குது சார். மொத்தத்தையும் ஒரு தடவ செக் பண்ணி சரிபண்ணீட்டு ஓட்டினாத்தான் நல்லது. திங்கக்கிழம மத்தியானத்துக்குள்ள தந்துருவேன்."

"திங்கக்கிழமையா? வெளையாடாதீங்க. விட்டுட்டு ஓட்டுற ஆப்ஷன் ஒண்ணு உண்டே, அதப் போடுங்க. நாலஞ்சு குளம் விட்டாலும் பின்னால சேத்துக்கிடலாம்."

அந்த வசதி இருப்பது அவளுக்கும் தெரியும். அமைப்புகளுக்குள் போய், பிழையான உருவங்களைத் தவிர்த்துவிடு என்று மாற்றினாள். இந்தமுறை ஓடியது. ஓடும்போது எந்தெந்த உருவங்கள் தவிர்க்கப்பட்டன என்று பதிவுப் பெட்டியில் சிவப்பு வரிகள் இறங்கிக்கொண்டே வந்தன. முடிந்தது என்று வந்ததும் பெட்டியை மூடினாள். ஐந்தே காலுக்குப் பட்டியல் போய்விட்டது. ஐந்து ஐம்பது பஸ் அவளுக்குக் கிடைத்தது. திங்கட்கிழமை வேறு தாலுகாவின் வேலை வந்து விழுந்தது. பின்னால் சேர்ப்பது என்பது யாருக்கும் நினைவில் இல்லை, அவளுக்கும்தான்.

ஆவணி பிறந்து பத்து நாளில், கையில் பிளாஸ்டிக் உறை ஒன்றோடு ஒருவர் மாடியேறி வந்தார். அறுபது வயதிருக்கும். வேட்டி விளிம்பில் செம்மண். பெயர் நாராயணபெருமாள். தோவாளைக்குத் தெற்கே இலுப்பையடிக்குளத்துப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர். தகவல் கேட்டு விண்ணப்பம் போட்டு வாங்கிய அறிக்கையின் கடைசித் தாளில் நிறுவனத்தின் முகவரியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அபிலாஷ் அன்று திருநெல்வேலி போயிருந்தான்.

"மக்கா, இந்த பேப்பரு நீங்க அடிச்சதுதானா?"

ரெஜிலா வாங்கிப் பார்த்தாள். "ஆமா அண்ணாச்சி. இருங்க."

"இதுல எங்க குளம் இல்ல. நாலு ஏக்கர் குளமாக்கும். ஆபீஸ்ல கேட்டா, மேப்புக்காரங்க குளம் இல்லன்னு எழுதியிருக்காவ, நாங்க என்ன செய்யன்னு கேக்குதாவ. அங்க மனை போடுதவன் மண்ணடிக்க ஆரம்பிச்சாச்சு."

"குளம் இல்லன்னு நாங்க எழுதல்ல அண்ணாச்சி."

"உண்டுன்னும் எழுதல்லியே மக்கா."

அவள் கிராமத்தைத் திறந்து பார்த்தாள். குளம் இருந்தது. நீல நிறத்தில், பெயரோடு, திரையின் நடுவே. மனைப்பிரிவின் மஞ்சள் கோடு அதன் கீழ்ப்பக்கத்தில் ஏறிக் கிடப்பது கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் பட்டியலில் இல்லை. அவர் திரையைத் தொட்டுவிடும் தூரத்தில் விரலை நீட்டி, "இதா கெடக்கே!" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை செய்யாமல் விட்டதைச் செய்தாள். மொத்தக் குளங்களையும் சரிபார்க்கும் கருவியில் கொடுத்தாள். நானூற்றுச் சொச்சம் குளங்களில் இருபத்துமூன்று பிழை. பிழை உள்ள இடத்திலெல்லாம் ஒரு புள்ளி விழுந்தது. இலுப்பையடிக்குளத்தின் புள்ளி அதன் கழுத்தில் விழுந்திருந்தது.

அது பெரிய குளமும் சின்னக் குளமும் ஒரு குறுகிய கழுத்தால் ஒட்டியது போன்ற உருவம். வரைந்தவர் இடக்கரையோடு வந்து, கழுத்தில் வலக்கரைக்குத் தாவி, சின்னப் பகுதியைத் தலைகீழாகச் சுற்றி, திரும்பும்போது போன கோட்டையே குறுக்கே தாண்டியிருந்தார். எல்லைக்கோடு எட்டு என்ற எண்ணைப்போல முறுக்கிக் கிடந்தது. பஸ் பயணத்தின் தூக்கக் கலக்கத்தில் தவறாகக் குத்திய ஒரே ஒரு புள்ளி. வரைந்தவர் பெயர் பக்கத்திலேயே பதிவாகியிருந்தது. ரெஜிலா.

பரப்பைப் பார்த்தாள். ஒன்றரை ஏக்கர்தான் காட்டியது. முறுக்கிய உருவத்தில் ஒரு பகுதி நேராகவும் மறுபகுதி எதிராகவும் சுற்றுவதால், கணக்கு இரண்டையும் கூட்டாமல் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுகிறது. இதைப் பார்த்திருந்தாலே அன்றைக்குத் தெரிந்திருக்கும்.

உருவங்களைச் சரிசெய்யும் கருவியை ஓடவிட்டாள். முறுக்கு அவிழ்ந்து, ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்ளும் இரண்டு துண்டுகளாகக் குளம் பிரிந்தது. மென்பொருளுக்கு அது போதும், இனி வெட்டு நிற்காது. ஆனால் அது குளத்தின் உருவம் அல்ல. தண்ணீர் ஊசிமுனை வழியாகப் போவதில்லை. பழைய வரைபடத்தை அடியில் வைத்து, கழுத்தின் இரு கரையையும் கையாலேயே வரைந்து துண்டுகளை ஒன்றாக்கினாள். நாலு ஏக்கர் பன்னிரண்டு சென்ட். கிராமப் பதிவேட்டோடு ஒத்துப்போனது. தவிர்த்துவிடு என்றிருந்த அமைப்பை மாற்றிவிட்டு, மனைப்பிரிவுகளோடு மறுபடி வெட்டினாள். இலுப்பையடிக்குளத்தில் ஒரு ஏக்கர் முப்பது சென்ட் மனையாகப் போகிறது. சின்னப் பகுதி முழுவதும், மடையோடு சேர்த்து.

"என்ன மக்கா, சரியாயிட்டா?" என்று கேட்டார் நாராயணபெருமாள்.

"அண்ணாச்சி, தப்பு எனக்கதாக்கும்" என்றாள் ரெஜிலா. எப்படி என்று அவருக்குப் புரியும்படி சொன்னாள். கோடு முறுக்கியது, கருவி நின்றது, தவிர்த்துவிட்டு ஓட்டியது, எல்லாம். அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அறிக்கையை மடித்து உறையில் போட்டபடி, "சரி, இப்பவாவது தெரிஞ்சுதே. ஒரு கடுதாசி எழுதித் தருவியா? கும்பப்பூ போகத்துக்கு நாத்துப் பாவணும்" என்றார்.

தன் பெயரில் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் வந்த அபிலாஷ் நிறுவனத்தின் பெயரில் எழுதச் சம்மதிக்கவில்லை. விஷயத்தைக் கேட்டு அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நீங்க சொன்னதுனாலதான் சார் நான் ஓட்டினேன்."

"எனக்குத் தெரியும் ரெஜிலா. நான் இல்லன்னு சொல்லல்ல. திருத்தின பட்டியல நான் அனுப்புதேன். ஆனா தப்புன்னு எழுதினா அடுத்த டெண்டர் நமக்கு இல்ல. நாலு பேருக்கும் இல்ல."

திருத்திய பட்டியல் 'இரண்டாம் பதிப்பு' என்ற பெயரில், காரணம் எதுவும் இல்லாமல் போனது. இருபத்துமூன்று குளங்களில் மூன்று மனைப்பிரிவுக்குள் வந்திருந்தன. அதில் ஒரு குளத்தின் மேல் வரும் மனைக்கு அனுமதி உத்தரவு இன்னும் ஆகாமல் இருந்ததால் அந்த விண்ணப்பம் நிறுத்தப்பட்டது. இலுப்பையடிக்குளம் உட்பட மற்ற இரண்டுக்கும் உத்தரவு எப்போதோ ஆகிவிட்டது.

ரெஜிலா தன் பெயரில் மனு எழுதி, திங்கட்கிழமை லீவு போட்டு, கலெக்டர் அலுவலகத்து வரிசையில் நாராயணபெருமாளோடு நின்றாள். மனுவுக்கு எண் கிடைத்தது. அன்றைக்கே அவரோடு பஸ் ஏறிக் குளத்தையும் போய்ப் பார்த்தாள். ஆறு வருடத்தில் தான் வரைந்த ஒரு குளத்தை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. லாரிகள் குளத்தின் கழுத்துவரை மண்ணைக் கொட்டியிருந்தன. மிச்சமிருந்த தண்ணீரில் ஆம்பல் இலைகளின் மேல் செம்மண் தூசி. மடையின் கல்தூண் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"இதுக்குக் கீழ எத்தன வயலு அண்ணாச்சி?"

"பதினேழு பேருக்கு உண்டு. பெரிய பக்கத்து மடையில தண்ணி வரும், ஆனா எங்க வயலுக்கு ஏறாது." அவர் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "நீ போ மக்கா. பஸ்ஸு போயிரும்."

அந்த வருடம் நாராயணபெருமாள் நாற்றுப் பாவவில்லை. மனுவுக்குப் பதில் தை மாதத்தில் வந்தது. கள ஆய்வு செய்யப்பட்டது. குறிப்பிட்ட இடத்தில் நீர்நிலை ஏதும் காணப்படவில்லை. நிலம் மேடாக உள்ளது. வரைபடத்தில் உள்ள குளத்தின் எல்லையைக் களநிலைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். நகல், வரைபட நிறுவனத்துக்கு.

அபிலாஷ் அந்தத் தாளை அவள் மேசையில் வைக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "நான் செஞ்சிருதேன்" என்றான்.

"வேண்டாம் சார். ஒங்களுக்கு அந்த கழுத்த எங்க வெட்டணும்னு தெரியாது."

கிராமத்தைத் திறந்து, குளத்தைத் தேர்ந்தெடுத்து, கழுத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பிரித்தாள். சின்னத் துண்டை அழித்தாள். மிச்சத்தைச் சரிபார்க்கும் கருவியில் கொடுத்தாள். பிழை எதுவும் இல்லை என்று வந்தது. சேமித்துவிட்டு, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கிராமத்தின் கோப்பைத் திறந்தாள்.

நாராயணபெருமாளுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் நினைத்தாள். மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். வயலைக் கேட்டு ஆள் வந்திருக்கிறது, இனி அதில் என்ன இருக்கிறது, கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன் என்றார். அவளிடம் அனுமதி கேட்பதுபோல இருந்தது அவர் குரல். எத்தனை சென்ட் என்று மட்டும் அவள் கேட்டாள். அவர் சொன்னதை மேசையில் கிடந்த தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.