மண்கும்பானில் பதினாலு மணி நேரப் பிறை

பிறை பார்க்க மண்கும்பானுக்குப் போவது எப்படி என்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் இருவர் கேட்டிருக்கிறார்கள். நான் போனது 1969 ஐப்பசியில். பேருந்துக் கட்டணம் மாறியிருக்கும். சந்திரனின் போக்கில் கவலைப்படும்படியான மாற்றம் எதுவும் இல்லை.

அந்த ஆண்டு ஆடியில்தான் அமெரிக்கர் இருவர் சந்திரனில் நடந்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். அது எங்கே இருக்கிறது என்பதில் யாழ்ப்பாணத்தில் இன்னும் கருத்து வேற்றுமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை அரசாங்கம் எடுத்துவிட்டுப் பௌர்ணமி, அமாவாசை முதலிய போயா நாட்களை விடுமுறையாக்கியிருந்த காலம் அது. பள்ளிக்கூடமும் அரசாங்க அலுவலகமான கச்சேரியும் சந்திரனைக் கேட்டுத்தான் திறந்தன, பூட்டின. ஆனாலும் எங்கள் குடும்பத்தில் இரண்டு பஞ்சாங்கங்கள் இருந்தன. பழைய சூத்திரங்களை அப்படியே பின்பற்றும் வாக்கியம் அண்ணை வீட்டில். இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு கணிக்கும் திருக்கணிதம் என் மனைவியிடம்.

அந்த ஐப்பசி அமாவாசை திங்கட்கிழமை காலை ஏழரைக்கு முடிகிறது என்றது வாக்கியம். விடியற்புறம் மூன்றே முக்காலுக்கே முடிந்துவிட்டது என்றது திருக்கணிதம். சூரியன் உதிக்கும்போது எந்தத் திதியோ அதுவே அந்த நாளின் திதி. ஆகவே திங்கள் உதயத்தில் அண்ணை வீட்டில் அமாவாசை, எங்கள் வீட்டில் பிரதமை. கந்தசஷ்டி விரதம் பிரதமையில் தொடங்கும். என் மனைவி திங்களே விரதம், அண்ணி செவ்வாய்தான். நான் திங்கள் மத்தியானம் அண்ணை வீட்டில் சாப்பிட்டேன். கணித ஆசிரியனுக்கு வேற்றுமைகளை மதிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.

சாப்பிடும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு மாதங்களுக்கு முன் காசீம் காக்காவுக்கு நான் கொடுத்தது, அண்ணை வீட்டில் பார்த்த வாக்கியக் கணக்கு.

காசீம் காக்கா முஸ்லிம்கள் வாழும் சோனகத் தெருவில் இரும்புக்கடை வைத்திருந்தவர், என் நண்பர்; அண்ணனை அவர்கள் காக்கா என்பார்கள். மகளின் கலியாணச் சாப்பாட்டைச் செவ்வாய் மத்தியானத்துக்கு வைத்திருந்தார். முஸ்லிம்களுக்கு மாதம் பிறையைக் கண்ணால் கண்டால்தான் தொடங்கும். திங்கள் அவர்களுடைய ஷஃபான் மாதத்தின் இருபத்தொன்பது. அன்று மாலை பிறை தெரிந்தால் செவ்வாய் ரமழான் நோன்பு, மத்தியானச் சாப்பாடு இல்லை. தெரியாவிட்டால் ஷஃபானை முப்பதாக்கிப் புதனில் நோன்பு. அமாவாசை முடிந்ததிலிருந்து எண்ணினால் மாலை ஆறுக்குப் பிறையின் வயது பத்து மணித்தியாலந்தான், அவ்வளவு இளசு கண்ணில் படாது என்று நான் சொன்னதை நம்பித்தான் அவர் முந்நூறு பேருக்குச் சொல்லியிருந்தார்.

கடைக்கு ஓடினேன்.

"மாஸ்டர், பத்து மணித்தியாலம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அது வாக்கியம். திருக்கணிதத்திலை பதினாலு."

"நாலு மணித்தியாலம் எங்காலை வந்தது?"

"வானத்திலை இருந்ததுதான். பஞ்சாங்கத்திலைதான் இல்லை."

பதினைந்து மணி நேரத்துக்குக் குறைந்த பிறையை வெறுங்கண்ணால் காண்பது மிக அரிது என்றேன். அரிது என்றால் இல்லை என்று அர்த்தமோ என்று கேட்டார். கடையைப் பூட்டினார். "வாங்கோ, போய்ப் பாப்பம். எனக்கு இருப்புக் கொள்ளாது."

மேற்கு அடிவானம் திறந்திருக்கும் இடம் தேடுகிறவர்களுக்கு மண்கும்பான் மணற்குன்றுகளைப் பரிந்துரைக்கிறேன். 3.40க்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறை பேருந்து, ஆளுக்கு முப்பத்தைந்து சதம், ஏறக்குறைய ஆறு மைல். பண்ணைப் பாலத்தில் இரு பக்கமும் கடல், மேலே முழுக்க முகில். காசீம் காக்கா முகிலைப் பார்த்து மகிழ்ந்தார். அப்படி மகிழ்ந்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டார்.

"பிறை பாக்கவோ காக்கா? கொழும்பு றேடியோ சொல்லுந்தானே" என்றார் நடத்துநர்.

"றேடியோவுக்கும் ஆரோ ஒருத்தன் பாத்துச் சொல்லவேணும் தம்பி."

குன்றில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். உள்ளூர்ப் பள்ளிவாசல் மௌலவியும் வந்திருந்தார். என் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. பேருந்துக்கு முன் வீட்டுக்குப் போய், பிறை நிற்கக்கூடிய இடத்தைத் திருக்கணித நிலைகளை வைத்துக் கணித்திருந்தேன். அந்த மாதம் சந்திரன் சூரியனின் பாதைக்கு நன்றாகத் தெற்கே நின்றது. எனவே சூரியன் தாழ்ந்த இடத்துக்கு நேர் மேலே தேடக்கூடாது, ஆறேழு பாகை, நீட்டிய கையில் ஏறக்குறைய நாலு விரல் அகலம், இடப்பக்கம் தேடவேண்டும். ஆறேகாலுக்கெல்லாம் அதுவும் மறைந்துவிடும். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

5.52க்குச் சூரியன் மறைந்தது. எல்லாரும் அதற்கு நேர் மேலே பார்த்தார்கள். 6.05க்கு முகிலில் ஒரு கீறல் விழுந்தது. காசீம் காக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். என் இதயம் அடித்த அடியில் கைக்கடிகாரம் நின்றுவிடும்போல் இருந்தது. பிடியை விட்டார்.

"கண்டன்" என்றார், மெதுவாக.

மௌலவி அருகே வந்தார். ரமழான் தொடங்க நம்பிக்கையான ஒரே ஒரு சாட்சி போதும். "எவ்விடம்?"

"சூரியன் தாழ்ந்த இடத்திலையிருந்து நாலு விரல் இடக்கைப் பக்கம். ரெண்டு விரல் உயரம். நூல் மாதிரி."

"பிறையின்ரை கொம்பு எந்தப் பக்கம்?"

"கொம்பு பாக்க விடேல்லை. முகில் மூடீட்டுது."

வேறு யாரும் காணவில்லை. "பிறை நேர மேலையெல்லோ நிக்கும்? உது முகில் விளிம்பு" என்றார் ஒருவர்.

"நாளைக்குச் சாப்பாடு வச்சிருக்கிற மனிசன் தன்ரை வயித்திலை தானே அடிப்பானோ?" என்றார் இன்னொருவர்.

மௌலவி என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், கணக்கை வச்சு நாங்கள் நோன்பு பிடிக்கிறேல்லை. எண்டாலும் ஒரு சாட்சியத்தை நிறுத்துப் பாக்கக் கணக்கு உதவும். உங்கடை கணக்கு என்ன சொல்லுது?"

"பதினாலு மணித்தியாலப் பிறை. காணுறது மிச்சம் அரிது" என்றேன். அது உண்மை. கை சட்டைப் பையை மூடியபடி இருந்தது. அதுவும் உண்மை.

மௌலவி சாட்சியத்தை ஏற்கவில்லை. இரவுத் தொழுகைக்குப் பின் கொழும்பு அறிவிப்பும் எங்கும் பிறை காணப்படவில்லை என்றது.

செவ்வாய் மத்தியானம் சோனகத் தெருவில் சாப்பாடு அமர்க்களப்பட்டது. ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து சாப்பிடும் சகன்கள், ஐம்பது. சைவ விருந்தினருக்கென்று தனியாக மரக்கறிச் சமையல். ஆனால் அன்று இரண்டு பஞ்சாங்கங்களும் அபூர்வமாக ஒத்துப்போய், வந்திருந்த சைவரில் என்னைத் தவிர அனைவரும் விரதம். கத்தரிக்காய்க் கறியைக் கவனிக்கும் பொறுப்பு முழுவதும் என்மேல் விழுந்தது. என் மனைவியும் அண்ணியும் தண்ணீர் டம்ளர்களோடு அமர்ந்து, அது விரதத்தின் முதல் நாளா இரண்டாம் நாளா என்ற வாதத்தைத் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார்கள்.

காசீம் காக்கா ஒவ்வொரு சகனாகப் பார்த்துப் பரிமாறினார். அவர் கை வாய்ப்பக்கம் போகவேயில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. கண்டவனுடைய சாட்சியை ஊர் ஏற்காவிட்டாலும் கண்டவனுக்கு நோன்பு கடமை என்பது அவர்கள் சட்டம். மகளின் கலியாணச் சாப்பாட்டில் அவர் பட்டினி.

கறியை அப்படியே விட்டு எழுந்தேன். அவரை ஒரு மூலைக்கு அழைத்துக் காகிதத்தைக் கொடுத்தேன். அவர் கண்ட இடம் பாகைக்கணக்கில் அதில் எழுதியிருந்தது. நிதானமாக வாசித்தார்.

"இதை நேற்று மௌலவியிட்டைக் காட்டியிருந்தா?"

"உங்களை நம்பியிருப்பார். சாப்பாடு இரவுக்குப் போயிருக்கும்."

"ஊருக்கே ஒரு நோன்பு இல்லாமல் போச்சுது மாஸ்டர். எனக்கு உதவி செய்த எண்ணம் உங்களுக்கு." காகிதத்தை நாலாக மடித்துத் தன் பையில் வைத்தார். "போய்ச் சாப்பிடுங்கோ. கறி ஆறுது."

மாத முடிவில் பிறை தெளிவாகத் தெரிந்தது. ஊருக்கு நோன்பு இருபத்தொன்பது. அவருக்கு முப்பது. பெருநாளன்று எனக்கு வட்டிலப்பம் என்ற இனிப்பு அனுப்பினார், ஒரு வார்த்தையும் எழுதாமல்.

போகிறவர்களுக்கு: சூரியன் மறைய அரை மணி நேரம் முன்பே குன்றில் நில்லுங்கள். அது மறையும்வரை அந்தப் பக்கம் பார்க்கவேண்டாம், கண் கூசும். ஐப்பசி கார்த்திகையில் குடை அவசியம். திரும்பும் பேருந்து 7.10க்கு, பிந்தியும் வரும். எந்தப் பஞ்சாங்கம் என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டுக் கொண்டுபோனால், கேட்கும்போது முழுவதையும் காட்டுங்கள். நான் பாதியைக் காட்டினேன். அந்தப் பாதியிலும் பிழை இல்லை என்பதுதான் இன்றுவரை எனக்குள்ள சங்கடம்.